அனுப்பாத ஸ்லைடுகள்

குழு வேலை என்றாலே எனக்கு எரிச்சல் வரும். முதல் பக்கத்தில் நான்கு பேருடைய பெயர் இருக்கும், உள்ளே இரண்டு பேருடைய உழைப்பு இருக்கும். மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு தனியார் கல்லூரியில் தொழிலிடப் பாதுகாப்பு டிப்ளோமா படித்தபோது ஒவ்வொரு பருவத்திலும் இதைத்தான் பார்த்தேன். அதனால் யாரும் கேட்காமலே நான் தலைவியாகிவிடுவேன். யார் எந்தப் பகுதி, எந்தக் கிழமைக்குள் முடிக்க வேண்டும் என்று முதல் நாளே எழுதிப் போட்டுவிடுவேன். என் வாய்க்குப் பயந்தே பலபேர் வேலையை முடித்தார்கள். அதில் எனக்கு வெட்கமில்லை.

அந்தப் பருவத்தில் எங்கள் குழுவில் நான்கு பேர். நான், ஒரு மலாய்த் தோழி, ஒரு சீனத் தோழன், பிறகு அவள். அவள் கெலாங் பாத்தாவிலிருந்து வருகிறவள், என்னைப் போலத் தமிழ்ப் பெண். வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். ஆனால் எதையும் சொன்ன நாளுக்கு முன்பே முடித்துவிடுவாள். அதனால்தான் மிக முக்கியமான பகுதியை அவளிடம் கொடுத்தேன்.

தலைப்பை நாங்களே தேர்ந்தெடுத்தோம். தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களின் களைப்பு. ஜொகூரில் இருப்பவர்களுக்கு அது ஒரு தலைப்பே இல்லை, பக்கத்து வீட்டுச் சங்கதி. சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தைப் பற்றிய சட்டமும் விபத்தும் சீனத் தோழனுக்கு. தூக்கம் குறைந்தால் உடம்புக்கு என்ன ஆகும் என்பது மலாய்த் தோழிக்கு. முன்னுரையும் எல்லாவற்றையும் ஒன்றாக்கும் வேலையும் எனக்கு. ஒரு தொழிலாளியைப் பேட்டி எடுத்து, அதிலிருந்து என்ன தெரிகிறது, என்ன செய்யலாம் என்று சொல்வது அவளுக்கு. அவளுடைய பகுதி இல்லாவிட்டால் எங்கள் மூவருடையதும் இணையத்திலிருந்து பொறுக்கி ஒட்டிய வெறும் தகவல்தான்.

வியாழக்கிழமை வகுப்பின் முன் நின்று படைக்க வேண்டும். அதற்கு முந்தைய வியாழனன்றே எல்லாருடைய ஸ்லைடுகளும் பொதுக் கோப்பில் ஏறிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தேன். மூன்று பேருடையது ஏறியது. அவளுடைய பக்கங்களில் நான் போட்டுக் கொடுத்த தலைப்புகள் மட்டும் நின்றன. வெள்ளிக்கிழமை காலை வாட்ஸ்அப் குழுவில் நினைவூட்டினேன். சீனத் தோழன் கட்டைவிரலைக் காட்டினான், மலாய்த் தோழி ஒரு பூனைப் படம் போட்டாள். அவள் படித்ததற்கு அடையாளமாக நீலக் குறி மட்டும் வந்தது.

மதியம் இன்னொரு முறை எழுதினேன். கொஞ்சம் காரமாகவே எழுதினேன். அதற்கும் நீலக் குறிதான்.

வகுப்பு முடிந்ததும் நாங்கள் மூவரும் கேன்டீனில் உட்கார்ந்தோம். அவள் அன்று வகுப்புக்கும் வரவில்லை. சீனத் தோழன் நேராக விஷயத்துக்கு வந்தான். அவன் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்: "அவ பகுதிய நாம மூணு பேரும் பிரிச்சுக்குவோம். முதல் பக்கத்துல இருந்து பேர எடுத்துடுவோம். மேடம்கிட்ட சொல்லிடுவோம். இதுல என்ன யோசனை?"

அவன் கெட்டவன் இல்லை. போன பருவத்தில் வேறொரு குழுவில் இப்படி ஒருவனுக்காகக் காத்திருந்து எல்லாருமாக மதிப்பெண் இழந்தவன். எங்கள் விரிவுரையாளரான மேடத்திடம் இதற்கென்று ஒரு விதி இருந்தது. ஒருவர் வேலை செய்யவில்லை என்று செவ்வாய்க்கிழமைக்குள் சொன்னால் அவருக்குத் தனியாக மதிப்பெண் போடுவார். அதற்குப் பிறகு வாயைத் திறக்கக் கூடாது, நான்கு பேருக்கும் ஒரே மதிப்பெண்தான். தனியாகப் போடும் மதிப்பெண் என்றால் அவள் அந்தப் பாடத்தில் தோற்றுவிடுவாள். அது கடைசிக்கு முந்தைய பருவம். அந்தப் பாடம் வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும்.

"அலமாக், ஐயோ பாவம்லா," என்றாள் மலாய்த் தோழி. பிறகு என்னைப் பார்த்து, "அவ உங்க ஆளுதானே, நீ பேசிப் பாரேன்," என்றாள்.

இந்த ஊரில் இது ஒரு வழக்கம். குழுவில் யாராவது முரண்டு பிடித்தால் அவர்கள் இனத்து ஆளைத் தூது அனுப்புவார்கள். இரண்டு தமிழர்கள் பேசிக்கொண்டால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை. அவளுக்கும் எனக்கும் மொழி ஒன்றுதானே தவிர, அவள் வீட்டில் எத்தனை பேர் என்றுகூட அன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனாலும் சரி என்றேன்.

மூவரும் ஒரு முடிவுக்கு வந்தோம். ஞாயிறு வரைக்கும் அவளுக்கு நேரம். அதுவரை முதல் பக்கத்தில் அவள் பெயர் இருக்கும். ஒருவேளை அவள் கைவிட்டுவிட்டால் அவசரத்துக்கு வைத்துக்கொள்ள மலாய்த் தோழி தன் மாமாவிடம் ஒரு சின்னப் பேட்டி எடுத்து வைப்பாள். அதை அவளிடம் சொல்லக் கூடாது, சொன்னால் விட்டது தொல்லை என்று இருந்துவிடுவாள். விரிவுரையாளரிடம் நான் போய், ஒருவருடைய பகுதி இன்னும் வரவில்லை, நாங்களே பேசிப் பார்க்கிறோம், செவ்வாய்க்குள் சொல்கிறேன் என்று பெயர் சொல்லாமல் சொல்லி வைத்தேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினார்.

பஸ்ஸில் உலு திராமில் இருக்கும் என் வீட்டுக்குத் திரும்பும்போது கைப்பேசியில் கோப்பைத் திறந்து பார்த்தேன். அப்போது அவள் கோப்புக்குள் வந்தாள். பொதுக் கோப்பில் யார் எந்தப் பக்கத்தைத் திறந்திருக்கிறார்கள் என்பது மற்றவர்களுக்குத் தெரியும். ஒரு சின்ன வண்ணக் கட்டமும் பெயரும் காட்டும். அவளுடைய கட்டம் கடைசிப் பக்கத்தில், 'பரிந்துரை' என்ற தலைப்புக்குக் கீழே போய் நின்றது. ஏதாவது எழுதுவாள் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். பஸ் இரண்டு மூன்று நிறுத்தங்களைத் தாண்டியது. ஒரு எழுத்துகூட விழவில்லை. பிறகு கட்டம் மறைந்துவிட்டது.

அதுவரை எனக்கு இருந்தது கோபம்தான். சோம்பேறி, அல்லது எங்கேயோ ஊர் சுற்றுகிறாள், அல்லது எவனோ ஒருவன் என்றெல்லாம் மனசுக்குள் வரிசையாகத் திட்டி வைத்திருந்தேன். சோம்பேறி வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து வெறும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கமாட்டாள். இவளுக்கு வேலை செய்ய மனமில்லாமல் இல்லை, ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது. குழுவில் எழுதினால் மூன்று பேர் பார்க்க அவள் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் தனியாக எழுதினேன்.

"ஸ்லைடு முடியலன்னா பரவால்ல. என்ன இருக்கோ, எப்படி இருக்கோ, அத மட்டும் காட்டு. ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்கு வரவா? சேர்ந்து செய்யலாம்."

சனிக்கிழமை காலையில்தான் பதில் வந்தது. "வா. ஆனா மெதுவா பேசணும்."

என்ன பதில் இது என்று நினைத்தேன். என் குரல் பெரியதுதான், ஆனால் அதை எழுத்திலேயே சொல்லிக் காட்ட வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மாவின் காரை எடுத்துக்கொண்டு கெலாங் பாத்தாவுக்குப் போனேன். வரிசை வீடுகள் உள்ள ஒரு தாமான் குடியிருப்பு. அவள் வாசலிலேயே நின்று, நான் கார்க் கதவை அடித்துச் சாத்துவதற்குள் கையைக் காட்டி, மெதுவாக என்று சைகை செய்தாள். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அதன் கைப்பிடியில் மழைக்கோட்டு காய்ந்துகொண்டிருந்தது.

உள்ளே போனதும் புரிந்தது. அந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியம் யாரும் சத்தம் போடுவதில்லை. தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, ஒலி இல்லாமல். அவள் அம்மா சமையலறையில் தேங்காயைக் கையால் துருவிக்கொண்டிருந்தார், அரைக்கும் மெஷின் அலமாரி மேலே பேசாமல் இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்து, கையாலேயே உட்காரச் சொன்னார். மூடிய அறைக்குள்ளிருந்து குறட்டை வந்தது.

"அப்பா தூங்குறாரு," என்றாள் அவள். "இன்னைக்கு ஒரு நாள்தான் தூங்குவாரு."

அவளுடைய மடிக்கணினியைத் திறந்தாள். நான் எதிர்பார்த்தது ஒன்றுமில்லாத பக்கங்களை. ஆனால் அவளுடைய சொந்தக் கோப்பில் எல்லாம் இருந்தது. பேட்டி எடுத்த விதம், கேள்விகள், தொழிலாளி எத்தனை மணி தூங்குகிறார், எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், எங்கே நிற்கிறார், எப்போது கண் சொருகுகிறது, எல்லாம் அழகாக, படத்தோடு. என்னுடையதைவிட நன்றாக இருந்தது. எனக்குக் கோபம் திரும்பி வந்தது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஏன் அனுப்பவில்லை என்று மெல்லிய குரலில்தான் கேட்டேன், ஆனால் கேட்ட விதம் மெல்லியதாக இல்லை.

அவள் இயர்ஃபோனை எடுத்து ஒன்றை எனக்குக் கொடுத்து, மற்றொன்றைத் தான் வைத்துக்கொண்டாள். கைப்பேசியில் பேட்டியின் ஒலிப்பதிவை ஓட்டினாள்.

அவள் பேட்டி எடுத்தது தன் அப்பாவை. வேறு ஆள் தேட வேண்டியதில்லை என்று வேலையைச் சுலபமாக்கிக்கொள்ளத்தான் அப்படிச் செய்திருக்கிறாள். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தபடி கேள்விகளை ஒழுங்காகப் படித்தாள். பேட்டி கொடுப்பவரின் பெயர் எங்கேயும் வராது, விருப்பமில்லாத கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஆரம்பத்தில் அவள் படித்தபோது அவர் சிரித்தார். "சரிங்க மேடம்," என்றார். விளையாட்டாக ஆரம்பித்தவர், பேட்டி முழுக்க அதே மாதிரி பேசினார், மகளிடம் இல்லை, யாரோ ஒரு அதிகாரியிடம் பேசுவது போல.

"வேலை முடிஞ்சு ஓட்டி, அதாங்க ஓவர்டைம், இருந்தா ராத்திரிதாங்க வருவேன். காலைல நாலு மணிக்கு முன்ன கிளம்பணும். விட்டா பாலத்துல ஜாம். தூக்கம் வரும்ங்க. வராம இருக்க பாட்டு பாடுவேன், தலைக்கவசத்துக்குள்ள எனக்கு மட்டும் கேக்கும். தொடையில அடிச்சுக்குவேன். ஒரு தடவ பாட்டு பாடிக்கிட்டே தூங்கிட்டேன். பாலத்து ஓரத்துல டயர் உரசுன சத்தத்துலதான் முழிச்சேன். வீட்டுல சொல்லல. சொல்லி என்னா ஆவப் போவுது."

அதற்கடுத்த கேள்வி, இவ்வளவு சிரமத்திலும் ஏன் இந்த வேலையைத் தொடர்கிறீர்கள் என்பது. அந்தக் கேள்வியை எழுதியதே நான்தான். ஒலிப்பதிவில் அவள் அதைப் படித்தாள். அதற்கும் அவர் அந்த அதிகாரிக்குச் சொல்வது போலவே பதில் சொன்னார்.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்குங்க. காலேஜ்ல படிக்குது. நல்லா படிக்கும். அது முடிக்கிற வரைக்கும் ஓட்டணும். முடிச்சிட்டா இந்தப் பக்கமே ஏதாச்சும் காவல் வேலை பாத்துக்குவேன். எதிர்ல இருக்கிறவங்ககிட்ட சொல்றேன், அதுகிட்ட சொல்லிடாதீங்க மேடம். அது படிப்ப விட்டுரும்."

பதிவு அதற்கு மேலும் ஓடியது. ஆனால் அவள் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. நாற்காலி நகர்கிற சத்தமும், "என்னாம்மா?" என்று அவர் கேட்கிற குரலும் வந்தன, பிறகு பதிவு நின்றுவிட்டது.

எனக்கு அழுகை வந்தது. அந்த வீட்டில் அழுவதையும் சத்தமில்லாமல்தான் செய்ய வேண்டியிருந்தது. அவள் அழவில்லை. ஏற்கெனவே அழுது முடித்திருந்தாள் என்று நினைக்கிறேன். கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினாள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பாதுகாப்புத் துறையில் பரிந்துரைக்கு ஒரு வரிசை உண்டு, அதை மாற்றக் கூடாது. முதலில், ஆபத்தை அடியோடு நீக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாவிட்டால் அதன் இடத்தில் ஆபத்துக் குறைந்த வேறொன்றை வைக்கலாமா என்று பார்க்க வேண்டும். பிறகு இயந்திர ஏற்பாடு, பிறகு விதிமுறை. கடைசியில்தான் தலைக்கவசம், ஜாக்கெட் எல்லாம். மேலே பார்க்காமல் தலைக்கவசத்திலிருந்து தொடங்குகிறவனுக்கு எங்கள் விரிவுரையாளர் மதிப்பெண்ணே போடமாட்டார். அவளுடைய அட்டவணையில் ஐந்து வரிசைகளும் காலியாக இருந்தன. அவள் 'நீக்குதல்' என்ற முதல் வரிசையைத் தாண்டவே இல்லை.

"முதல் வரிசைக்கு பதில் தெரியும்," என்றாள். "நான் படிப்ப விட்டா அவரு பாலத்துல ஓட்ட வேண்டியதில்ல. அத எழுதாம ரெண்டாவதுக்கு போனா பொய். எழுதுனா நான் செய்யணும். அதான் எதுவுமே அனுப்பல. பேசாம பேர எடுத்துடுங்க."

"பேர எடுத்தா நீ ஃபெயிலு. தெரியும்ல?"

"தெரியும். ஃபெயில் ஆனா விடுறதுக்கு சுலபம்."

இவள் ஸ்லைடு அனுப்ப மறக்கவில்லை, படிப்பிலிருந்து வெளியே போக ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கதவைத் தள்ளிச் சாத்த வேண்டியது என் வேலை என்று எனக்குத் தோன்றியது. நான் அப்படிப்பட்டவள். என்ன பேச வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அறைக் கதவு திறந்தது.

அவள் அப்பா கைலியோடு, கலைந்த தலையோடு வந்தார். கண்ணில் தூக்கம் இன்னும் இருந்தது. மெலிந்த மனிதர். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

"சாப்பிட்டியாம்மா?" என்றார். சாப்பிட்டேன் என்றேன். "வியாழக்கிழமையா காட்டப் போறீங்க? என் கதையெல்லாம் காலேஜ்ல பெரிய திரையில வருமாமே. வேலை எடத்துல கூட சொன்னேன். சிரிக்கிறானுங்க." மகளைப் பார்த்தார். "நல்லா பேசணும். நான் சொன்னது ஒண்ணும் விடாத."

மகளிடம் சொல்லாதே என்று மகளிடமே சொன்னது அவருக்கு நினைவிருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் "சரிப்பா," என்றாள். அந்த ஒரு வார்த்தை போதும் என்று நான் பிடித்துக்கொண்டேன். அவர் குளிக்கப் போனதும் மடிக்கணினியை என் பக்கம் இழுத்தேன்.

"இந்த அட்டவணை உங்க அப்பாவுக்கு மட்டும் இல்ல," என்றேன். "இது கம்பெனிக்காரன் செய்ய வேண்டியது. படிப்ப விடுன்னு எந்தக் கம்பெனிக்கும் பரிந்துரை எழுத முடியாது. முதல் வரிசையில 'பொருந்தாது'ன்னு போடு. எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

"மேடம் கேப்பாங்க."

"கேட்டா நான் பேசுறேன்."

அவள் விசைப்பலகையைத் தொடவில்லை. நானே தட்டினேன். முதல் வரிசையில் பொருந்தாது. இரண்டாவதில், மோட்டார் சைக்கிளுக்குப் பதில் கம்பெனி பஸ். அதற்குப் பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள். நான் 'ஓய்வு கொடுக்க வேண்டும்' என்று பொதுவாக எழுதியதை அடித்துவிட்டு, ஓவர்டைம் முடித்த மறுநாள் வேலை தாமதமாகத் தொடங்க வேண்டும் என்று எழுதினாள். குளியலறையிலிருந்து அவள் அப்பாவின் பாட்டுச் சத்தம் கேட்டது. அவள் தட்டுவதை நிறுத்திக் கொஞ்ச நேரம் கேட்டாள், பிறகு மறுபடி தட்டினாள்.

நான் காரில் ஏறுவதற்குள் அவளுடைய ஸ்லைடுகள் பொதுக் கோப்பில் ஏறிவிட்டன. குழுவில் சீனத் தோழன் ஒன்றுவிடாமல் படித்துவிட்டு, "நம்மளுதுல இதுதான் பெஸ்ட்," என்று எழுதினான். பேட்டி யாருடையது என்று நான் அவனிடம் சொல்லவில்லை. அதைச் சொல்ல வேண்டியது அவள். மலாய்த் தோழியிடம் மட்டும், அவள் நடுவில் பேச முடியாமல் நின்றுவிட்டால் நீ தொடர வேண்டும், பக்கத்திலேயே நில் என்று சொன்னேன். ஏன் என்று தோழி கேட்கவில்லை. மாமாவின் பேட்டியை அழித்துவிட்டதாக மட்டும் சொன்னாள். புதன்கிழமை காலி வகுப்பறையில் இரண்டு தடவை ஒத்திகை பார்த்தோம். இரண்டு தடவையும் அவள் தடுமாறவில்லை.

வியாழனன்றும் தடுமாறவில்லை. ஒரு தொழிலாளி என்றுதான் சொன்னாள். அவர் தலைக்கவசத்துக்குள் பாடுகிறார் என்றபோது வகுப்பில் சிலர் சிரித்தார்கள். பாடிக்கொண்டே தூங்கிவிட்டார் என்றபோது யாரும் சிரிக்கவில்லை. கடைசிப் பக்கம் திரையில் வந்ததும் விரிவுரையாளர் கையைத் தூக்கினார். முதல் வரிசையில் ஏன் பொருந்தாது என்று கேட்டார். அந்த மனிதர் இந்தப் பயணத்தையே நிறுத்த முடியாதா என்று கேட்டார்.

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"முடியும் மேடம்," என்றாள் ஆங்கிலத்தில். "அவர் வீட்டில் ஒருவர் முடிவெடுத்தால் முடியும். அந்த நபர் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்."

விரிவுரையாளர் நேர்மையான பதில் என்று பாராட்டினார். எங்கள் வகுப்பிலேயே எங்களுக்குத்தான் அதிக மதிப்பெண். மலாய்த் தோழி எல்லாருக்கும் ஐஸ் வாங்கிக் கொடுத்தாள். அவளும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், சிரித்தாள், அப்பாவுக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கச் சொன்னாள். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அடுத்த பருவத்துக்கு அவள் பதியவில்லை. அலுவலகத்தில் கேட்டபோது, அவளே வந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதாகச் சொன்னார்கள். கூப்பிட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு ஞாயிறு கிளம்பி, பாதி வழியில் திரும்பிவிட்டேன். அந்த வீட்டில் மெதுவாகப் பேச வேண்டும். எனக்கு அன்று கத்த வேண்டும் போல இருந்தது. கடைசிப் பருவத்துக் குழு வேலையை மூன்று பேராகவே முடித்தோம்.

இப்போது நான் இஸ்கண்டார் புத்ரியில் ஒரு கட்டுமான இடத்தில் பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறேன். போன வருடம் ஒரு சாயங்காலம் கெலாங் பாத்தாவில் ஒரு மாமாக் கடையில், இந்திய முஸ்லிம் உணவகத்தில், தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். எதிரே ஒரு தொழிற்சாலை பஸ் வந்து நின்றது. இறங்கியவர்களில் அவளும் ஒருத்தி. கழுத்தில் வேலை அட்டை தொங்கியது. என்னைக் கண்டதும் ஒளிந்துகொள்ளவில்லை, நேராக வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

சிங்கப்பூரில், துவாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை என்றாள். அப்பா அந்தப் பக்கம் போவதை நிறுத்தி, இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் காவல் வேலை பார்க்கிறார். முதலில் வீட்டில் பெரிய சண்டையாம். அப்பா சில வாரங்கள் அவளோடு பேசவே இல்லையாம்.

நான் எதைச் சொல்ல வந்தாலும் அது திட்டாகத்தான் வரும் என்று தெரிந்ததால் தேநீரைக் குடித்தேன். இன்னும் ஒரே ஒரு பருவம். ஒரே ஒரு பருவம் பொறுத்திருக்கலாம். ஆனால் அந்த ஒரு பருவம் முழுக்க தினமும் விடியுமுன் வாசலில் மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க வேண்டியது நான் இல்லை, அவள்.

"முதல் வரிசையில பொருந்தாதுன்னு போட்டோம்ல," என்றாள். "பொருந்திச்சு."

"நீ மட்டும் தினமும் தாண்டிப் போறியே."

"நான் பஸ்ல போறேன்லா. அது ரெண்டாவது வரிசை." சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன், அதற்காக எனக்கு என் மீதே ஆத்திரம் வந்தது.

கிளம்பும்போது, "அப்பா இப்பவாவது நல்லா தூங்குறாரா?" என்று கேட்டேன். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"எங்க தூங்குறாரு. இப்பவும் அதே நேரத்துக்கு எழுந்துக்கிறாரு. நான் பஸ் ஏறுற வரைக்கும் வந்து கூட நிக்கிறாரு. ஓட்டி இருந்தா நான் வர்ற வரைக்கும் படுக்கவே மாட்டாரு. ஞாயித்துக்கிழமை மதியம் ரெண்டு பேரும் தூங்குறோம். அம்மா டிவி சத்தத்த குறைச்சு வச்சிருக்காங்க."

சாலையின் எதிர்ப்பக்கத்தில், காவலாளிச் சட்டையோடு ஒரு மெலிந்த மனிதர் அவளுக்காக மோட்டார் சைக்கிளில் காத்துக்கொண்டிருந்தார். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன். அவள் சாலையைக் கடந்து போய், அவர் நீட்டிய தலைக்கவசத்தை வாங்கி மாட்டிக்கொண்டு, பின்னால் உட்கார்ந்தாள்.